கீசர் வாரண்டி கார்டு: அப்புச்சிக்கு எப்படித் தமிழில் எழுதுவது?

"கார்டில் மொத்தம் 2, காயில் 3, டேங்க் 5 வருசம்னு இருக்கு. அப்புச்சி 5 வருசமும் எல்லாம் இலவசம்னு நினைக்கறாருங்க. எப்படி எழுதறது?"

வருசத்தை எழுதாதீங்க, முடியற தேதியை எழுதுங்க. பில் தேதி 10-6-2025ன்னா:

எல்லா பாகமும்: 9-6-2027 வரை
காயில் மட்டும்: 9-6-2028 வரை
டேங்க் மட்டும்: 9-6-2030 வரை

பெரிய எண்ணே மனசுல நிக்கறதாலதான் இந்தக் குழப்பம் வந்திருக்கும். பொதுவா மூணுமே பில் தேதியிலிருந்துதான் ஓடும், ஒண்ணு முடிஞ்சு அடுத்தது தொடங்காது. உங்க கார்டிலும் அப்படித்தானான்னு பாத்துக்குங்க.

எழுதினதும் அவரையே படிக்கச் சொல்லிக் கேளுங்க: "2028 ஜனவரியில தெர்மோஸ்டாட் போனா யாரு காசுங்க அப்புச்சி?" "நம்ம காசு"ன்னு சொன்னா புரிஞ்சிருச்சு.

ஒண்ணை விட்டுடாதீங்க. நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு. காயில்ல உப்புப் படிஞ்சு போனா வாரண்டி இல்லைன்னு பல கார்டுல இருக்கும். இருந்தா அந்த வரியைப் பெருசா எழுதுங்க. கம்பெனிக்காரர் பாக்கறது மூலக் கார்டும் பில்லும்தான், அதைக் கூடவே வையுங்க.