போனஸோடு வந்த 68,000 ரூபாய் ஏன் கைக்கு வரவில்லை?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் நாலு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறேன். வெளிநாட்டு கேசினோ தளம் ஒன்றில் 5,000 ரூபாய் போட்டேன். அவர்களும் 5,000 போனஸ் கொடுத்தார்கள். ஆடி ஆடி 68,000 வரை சேர்ந்தது. எடுக்கப் போனால் விதியை மீறிவிட்டேனாம், போட்ட 5,000 மட்டும் தருவார்களாம். நான் ஒரு தடவைக்கு 20 ரூபாய்க்கு மேல் வைத்ததே இல்லை. பணத்தை வாங்க வழி உண்டா? இன்னொரு போனஸும் தருகிறேன் என்கிறார்கள். விதியைப் படித்துவிட்டுக் கவனமாக ஆடலாமா?

பதில்: அந்த 68,000 ரூபாய் திரும்பி வரும் என்று நம்பி இருக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய விதிப் பக்கத்தையும் ஆட்டக் கணக்கையும் சேர்த்து வைத்துப் படித்தேன். பணம் மூன்று இடத்தில் மாட்டியிருக்கிறது.

முதலாவது, பந்தய வரம்பு. போனஸ் கணக்கில் இருக்கும் வரை ஒரு சுற்றுக்கு 400 ரூபாய்க்கு மேல் வைக்கக் கூடாது என்று விதி சொல்கிறது. 20 ரூபாய்தான் வைத்தேன் என்கிறீர்கள், அது உண்மைதான். ஆனால் ஸ்லாட் ஆட்டத்தில் சிறப்புச் சுற்றை விலைக்கு வாங்கும் Buy Bonus பொத்தானை இரண்டு முறை அழுத்தியிருக்கிறீர்கள். அதன் விலை பந்தயத்தைப் போல 100 மடங்கு. 20 ரூபாய் பந்தயத்தில் அழுத்தினால் 2,000 ரூபாய் வைத்ததாகக் கணக்கு. மீறல் என்று அவர்கள் காட்டுவது இந்த இரண்டு அழுத்தலைத்தான்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வரம்பு 400 என்றால் 401 ரூபாயை ஏற்காதபடி மென்பொருளில் தடுத்துவிடலாம், அது பெரிய வேலையே இல்லை. அவர்கள் தடுக்கவில்லை. தோற்றிருந்தால் அந்த 2,000 ரூபாயைப் பேசாமல் எடுத்துக்கொண்டிருப்பார்கள், விதிமீறல் என்று யாரும் திருப்பித் தந்திருக்க மாட்டார்கள். நீங்கள் ஜெயித்துப் பணம் கேட்ட பிறகுதான் பழைய கணக்கைத் தோண்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது, எந்த ஆட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது. போனஸைப் போல 35 மடங்கு, அதாவது 1,75,000 ரூபாய்க்குப் பந்தயம் வைத்து முடித்தால்தான் பணத்தை எடுக்கலாம். ஸ்லாட்டில் வைப்பது முழுதாகச் சேரும், ரூலெட்டில் வைப்பதில் நூற்றுக்குப் பத்துதான் சேரும். நீங்கள் ஸ்லாட்டில் 62,000, ரூலெட்டில் 90,000 வைத்திருக்கிறீர்கள். ரூலெட்டின் 90,000 அவர்கள் கணக்கில் வெறும் 9,000. ஆக மொத்தம் 71,000. பாதியைக்கூடத் தொடவில்லை.

மூன்றாவது, எடுக்கும் தொகைக்கு உச்சவரம்பு. போனஸ் வைத்து ஜெயித்ததில் போனஸைப் போல 5 மடங்குக்கு மேல் தர மாட்டோம் என்று கடைசிப் பத்தியில் இருக்கிறது. ஒரு விதியையும் மீறாமல் ஆடியிருந்தாலும் 25,000 ரூபாய்தான் கிடைத்திருக்கும்.

சரி, கவனமாக ஆடினால்? அடுத்த போனஸும் இதே 5,000, இதே 35 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ஸ்லாட்டில் நூறு ரூபாய் பந்தயத்துக்குச் சராசரியாக 96 ரூபாய் திரும்புகிறது என்றால், 1,75,000 ரூபாய்க்கு ஆடி முடிப்பதற்குள் சராசரி இழப்பு 7,000. கிடைத்த போனஸோ 5,000. ரூலெட்டில் நூற்றுக்கு 2.7 ரூபாய்தானே போகிறது என்று அந்தப் பக்கம் போனால், பத்தில் ஒரு பங்கு மதிப்பால் 17,50,000 ரூபாய்க்கு ஆட வேண்டும். சராசரி இழப்பு 47,250. அவ்வளவு பணம் போவதற்கு முன்பே உங்கள் கணக்கு காலியாகிவிடும். அதனால் அந்தப் போனஸை வாங்காதீர்கள். வாங்கினால், திரும்பி வர வேண்டிய 5,000 ரூபாயும் அதே விதிகளுக்குள் போய் மாட்டும்.

புகார் செய்ய இடம் இருக்கிறதா என்றால், மிகக் குறைவு. தளம் வெளிநாட்டில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆட்டத்தை நடத்துவதற்கே தடை போடுகிறது. ஆடியவரைத் தண்டிக்க அதில் பிரிவு இல்லை, அதனால் போலீசிடம் பேசப் பயப்பட வேண்டாம்.

இன்றே இருப்புத் தொகை, ஆட்டக் கணக்கு, விதிப் பக்கம், அவர்கள் அனுப்பிய பதில் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அப்புறம் 5,000 ரூபாயை எழுத்தில் ஒரே ஒரு முறை கேளுங்கள். சரிபார்ப்புக் கட்டணம், வரி என்று முன்பணம் கேட்டால் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். அது தனி மோசடி, உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் பணம் அனுப்பிய யுபிஐ ஒரு தனி ஆளின் பெயரில் இருக்கிறது. திருப்பி வரும் பணமும் முகம் தெரியாத யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து வரலாம். அந்தக் கணக்கின் மேல் சைபர் புகார் இருந்தால் உங்கள் கணக்கையும் முடக்கி வைக்கலாம். பால் சொசைட்டிப் பணம் விழுவதும் அதே கணக்கில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். தீவனக்காரருக்குக் கொடுக்க வேண்டிய நாளில் அது முடங்கினால் என்ன ஆகும்? நானாக இருந்தால், வேறு ஆள் கணக்கிலிருந்து அனுப்புகிறோம் என்று அவர்கள் சொன்னதும், அந்த 5,000 வேண்டாம் என்று விட்டுவிடுவேன்.