மகனுக்கு டீன் கார்டா, யுபிஐ சர்க்கிளா?

"பையன் ஒன்பதாவது படிக்கிறான். டியூஷன், பஸ், தின்பண்டம் என்று தினமும் காசு கேட்கிறான், வீட்டில் ரொக்கம் வைப்பதே இல்லை. யுபிஐ சர்க்கிளில் சேர்த்து ஒவ்வொரு செலவுக்கும் நான் ஓகே கொடுப்பது மாதிரி வைக்கலாமா, இல்லை பெற்றோர் லிமிட் வைக்கிற டீன் கார்டு வாங்கலாமா? யாராவது பயன்படுத்துகிறீர்களா?"

எங்கள் வீட்டில் இரண்டும் ஓடுகிறது. பெண் பதினொன்றாவது படிக்கிறாள். என் வேலையும் கார்டு, வாலட் புகார்களைப் பார்ப்பதுதான் என்பதால் அடுத்த வீட்டுக் கதைகளும் கொஞ்சம் தெரியும். ஒன்பதாவது படிக்கிற பையனுக்கு என்றால் வாரா வாரம் சின்னத் தொகை ஏற்றுகிற ப்ரீபெய்டு கார்டு போதும். சர்க்கிளில் ஓகே கொடுக்கிற முறையை எப்போதாவது வருகிற பெரிய செலவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தினச் செலவுக்கு அது சரிப்படாது.

ஏன் என்று சொல்கிறேன். சர்க்கிள் என்பது உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து இன்னொருவர் பணம் கட்ட விடுகிற யுபிஐ வசதி, 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் பையன் கடையில் க்யூஆரை ஸ்கேன் பண்ணி, தொகையைப் போட்டு, உங்கள் கணக்கைத் தேர்ந்தெடுத்து அனுப்புவான். உடனே உங்கள் போனுக்கு ஒரு கோரிக்கை வரும், நீங்கள் ஆப்பைத் திறந்து உங்கள் யுபிஐ பின்னைப் போட்டால்தான் கடைக்காரருக்குப் பணம் போகும். கேட்க அருமையாக இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு டியூஷன் பக்கத்து பேக்கரியில் ஒரு பப்ஸும் ரோஸ்மில்க்கும் வாங்கிக்கொண்டு பையன் நிற்கிறான், நீங்களோ வண்டி ஓட்டிக்கொண்டோ மீட்டிங்கிலோ இருக்கிறீர்கள், கோரிக்கை சில நிமிடம் காத்திருந்துவிட்டுக் காலாவதியாகிவிடும், அவன் மறுபடி அனுப்புவான், பின்னால் வரிசை நிற்கும், கடைக்காரர் "தம்பி, ஓரமா நில்லு" என்பார். நாலு முறை இப்படி ஆனால் அவன் நண்பனிடம் வாங்கித் தின்றுவிட்டு ராத்திரி உங்களிடம் "அவனுக்கு அறுபது ரூபாய் அனுப்பும்மா" என்பான். அந்தச் செலவு எதற்கு என்று பார்க்கிற வாய்ப்பே உங்களுக்குப் போய்விடும். என் பெண்ணுக்கு இதைத்தான் முதலில் வைத்தோம். அவளை விட அவள் அப்பாதான் சீக்கிரம் அலுத்துப்போனார்.

இன்னொன்று, ஓகே கொடுக்கும்போது உங்களுக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறீர்கள்? தொகையும் பெயரும்தான். நம் ஊர்ப் பெட்டிக்கடை க்யூஆர் பலதும் கடைக்காரரின் மனைவி பெயரிலோ மகன் பெயரிலோ இருக்கும். யாரோ ஒருவர் பெயர், 85 ரூபாய். அது நோட்டுப் புத்தகமா, சிகரெட்டா, அந்தத் திரையைப் பார்த்துச் சொல்லவே முடியாது. கடைசியில் போன் பண்ணிக் கேட்கத்தான் போகிறீர்கள். இதற்கு நடுவில் யுபிஐ பின் போடுகிற சடங்கு எதற்கு?

இரண்டாவது வகையில் நீங்கள் ஒரு மாத வரம்பை வைத்துவிடுவீர்கள், அதற்குள் பையன் உங்களைக் கேட்காமலே கொடுக்கலாம். உச்சம் மாதம் ₹15,000, ஒரு பரிவர்த்தனைக்கு ₹5,000. அதற்குக் கீழே எவ்வளவு குறைவாகவும் வைக்கலாம். சேர்த்த முதல் 24 மணி நேரத்துக்கு வரம்பு இன்னும் இறுக்கமாக இருக்கும், அதனால் நாளைக்கு டூர் என்றால் இன்றைக்கு ராத்திரி சேர்க்காதீர்கள். ஒருவர் ஐந்து பேர் வரை சேர்க்கலாம், ஆனால் சேர்க்கப்படுகிறவர் ஒரே ஒருவரின் கீழ்தான் இருக்க முடியும். அதாவது அம்மா கணக்கிலும் அப்பா கணக்கிலும் ஒரே சமயத்தில் பையனைப் போட முடியாது. வயது நிபந்தனை ஆப்புக்கு ஆப் மாறும், சேர்ப்பதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் என்னவென்றால், பையனிடம் யுபிஐ பின் எதுவும் இல்லை. அவன் போனில் ஆப்பைத் திறக்கிற பூட்டு, கைரேகையோ நம்பரோ, அதுதான் சாவி. வகுப்பில் பாதிப் பேருக்கு அவன் போன் பேட்டர்ன் தெரிந்திருக்கும் என்றால் உங்கள் சேமிப்புக் கணக்கின் ஒரு ஜன்னல் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம், வரம்பு அளவுக்கு மட்டும்தான் என்றாலும். பணம் கிளம்புவது உங்கள் சம்பளக் கணக்கிலிருந்துதான். அவனிடம் தனியாக எதுவும் இருப்பதில்லை. எனக்கு இந்த வயதுக்கு அது பிடிக்கவில்லை. கையில் இருப்பது எவ்வளவு என்று பையனுக்கே தெரிய வேண்டும், "அம்மா கணக்கில் இருக்கு" என்ற நினைப்பில் இருக்கக் கூடாது.

ப்ரீபெய்டு கார்டில் அந்தப் பிரச்சினை இல்லை. ஏற்றியதுதான் வரம்பு. டீன் கார்டு என்று விளம்பரம் செய்யப்படுவது பெரும்பாலும் இந்த வகைதான். கார்டுக்குப் பின்னால் இருப்பது குறைந்த விவரங்களுடன் திறக்கிற சின்ன வாலட் என்றால் ரிசர்வ் வங்கி விதிப்படி மாதம் ₹10,000-க்கு மேல் ஏற்ற முடியாது, எந்த நேரத்திலும் இருப்பு ₹10,000-ஐத் தாண்டாது, பொருள் வாங்கலாமே தவிர ரொக்கமாக எடுக்கவோ இன்னொருவருக்கு அனுப்பவோ முடியாது. பெற்றோருக்கு இதுவே வரம். முழு கேஒய்சி செய்தால் இந்தத் தடைகள் தளர்ந்துவிடும், அதனால் "கேஒய்சி முடித்தால் கேஷ்பேக்" என்று ஆப் நச்சரித்தாலும் அவசரப்படாதீர்கள். அட்டையின் முன்பக்கம் ஆப்பின் பெயர் பெரிதாக இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் வெளியிடுகிற வங்கியோ நிறுவனமோ யார் என்று இருக்கும். புகார் என்று வந்தால் அந்தப் பொடி எழுத்துதான் முக்கியம், வாங்கிய அன்றே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டில் "பெற்றோர் ஒப்புதல்" என்று போட்டிருந்தாலும் அது சர்க்கிள் மாதிரி ஒவ்வொரு முறையும் கேட்கிற ஒப்புதலாக இருக்காது. கார்டைத் தேய்த்ததும் சில விநாடிகளில் சரி, இல்லை என்று பதில் போயாக வேண்டும், அதற்குள் உங்களை எழுப்பிக் கேட்க நேரமில்லை. அதனால் முன்கூட்டியே போட்டு வைக்கிற சுவிட்சுகள்தான் கிடைக்கும். ஒரு பரிவர்த்தனைக்கு இவ்வளவு, ஆன்லைன் வேண்டாம், சில வகைக் கடைகள் வேண்டாம், இப்படி. கடை வகையைத் தடுப்பது எப்படி நடக்கிறது தெரியுமா? கடைக்கு மெஷின் கொடுக்கிறவர்கள் அதற்கு ஒரு நான்கு இலக்க எண் வைப்பார்கள். மளிகைக்கு 5411, மதுக்கடைக்கு 5921 என்று. தடுப்பு அந்த எண்ணைத்தான் பார்க்கும், பையில் என்ன இருக்கிறது என்று பார்க்காது. மளிகை எண்ணில் ஓடுகிற சூப்பர் மார்க்கெட் கல்லாவில் எனர்ஜி ட்ரிங்க் வாங்கினாலும் மளிகைதான். ஆகவே அந்தச் சுவிட்சைப் போட்டு வையுங்கள், ஆனால் நம்பி உட்காராதீர்கள்.

உண்மையில் பணம் கசிகிற இடம் கடையே இல்லை, போன் விளையாட்டுதான். என் பெண் விஷயத்தை எடுத்துக்கொண்டால், ஞாயிறு ராத்திரி ₹500 ஏற்றுவோம். பஸ்ஸுக்கு 200 போகும், மீதி தின்பண்டம், ஜெராக்ஸ். ஒரு புதன்கிழமை இருப்பு 11 ரூபாய். பட்டியலில் 79, 79, 79 என்று வரிசையாக, எல்லாம் பத்து நிமிடத்துக்குள். போனில் ஃபேமிலி லிங்க் என்கிற கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப் இருக்கிறது, ப்ளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் எங்களைக் கேட்கும்படி வைத்திருக்கிறோம், அப்புறம் எப்படி? அந்தக் கேள்வி கூகுள் ப்ளே வழியாகப் பணம் கட்டும்போது மட்டும்தான் வரும். பல விளையாட்டுகளுக்குச் சொந்தமாகவே டாப்அப் இணையதளம் இருக்கிறது, பிரவுசரில் போய் கார்டு நம்பரைப் போட்டால் ஓடிபி கார்டில் பதிந்த எண்ணுக்கு வரும். அந்த எண் அவளுடையது. அவ்வளவுதான், யாரையும் ஏமாற்ற வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. திட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, அவளுக்குக் கொடுத்த காசு. வியாழக்கிழமை பஸ்ஸுக்குக் காசில்லை என்று வந்து நின்றாள், அப்பாவோடு வண்டியில் போனாள், அடுத்த ஞாயிறு வரை தின்பண்டம் இல்லை. கார்டில் ஆன்லைனை அணைத்துவிட்டேன், ஏதாவது வாங்க வேண்டும் என்றால் கேட்பாள், திறந்துவிட்டு மறுபடி அணைப்பேன். இதே 79-கள் மாத வரம்பு ₹2,000 வைத்த சர்க்கிளில் ஓடியிருந்தால் முதல் வாரமே மாதம் முடிந்திருக்கும். மாத வரம்பு செலவைப் பரப்பித் தராது என்பதுதான் அதில் எனக்கு இருக்கிற பெரிய குறை.

ஒன்று அல்லது இரண்டு ரூபாயில் ஆரம்பிக்கிற "இலவச சோதனை" சந்தாவையும் கவனியுங்கள். முதல் முறை ஓடிபி கேட்கும், அதன் பிறகு ₹15,000 வரை மாதா மாதம் ஓடிபி இல்லாமலே பிடித்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. பிடிப்பதற்கு ஒரு நாள் முன்னால் செய்தி வரும், அதுவும் பையன் போனுக்குத்தான். டேப் பண்ணிக் கட்டுகிற வசதியை அணைத்தே வையுங்கள், ₹5,000 வரை பின் நம்பர் கேட்காது என்பதால் தொலைந்த கார்டு யார் கையிலும் வேலை செய்யும்.

பையன் பெயரில் வங்கிக் கணக்கே திறக்கலாமா என்று கேட்பீர்கள். திறக்கலாம். பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் தாங்களே இயக்குகிற சேமிப்புக் கணக்கை வங்கிகள் தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஏடிஎம் கார்டு தருவதும் எவ்வளவு வரை என்பதும் வங்கியின் விருப்பம். ஆனால் அங்கே வரம்பு வைப்பது வங்கி, நீங்கள் இல்லை. பொங்கல் காசு, தாத்தா கொடுத்தது எல்லாம் போட்டு வட்டி வர நல்ல இடம். வாலட்டில் கிடக்கிற பணத்துக்கு வட்டி கிடையாது, அதனால் அங்கே சேர்த்து வைக்க விடாதீர்கள்.

சர்க்கிளை எதற்கு வைத்துக்கொள்வது என்றால், ₹1,800-க்குப் புத்தகம், ஊருக்குப் போக டிக்கெட், இந்த மாதிரி. முன்னாடியே போன் பண்ணிச் சொல்லுவான், நீங்கள் ஆப்பைத் திறந்து காத்திருப்பீர்கள், வேலை முடியும். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பணம் உங்கள் கணக்குக்கே வரும், அவனிடம் வராது. புகார் கொடுப்பதும் கணக்கு வைத்திருக்கிற நீங்கள்தான்.

போன் தொலைந்தால் முதலில் உங்கள் ஆப்பில் சர்க்கிளிலிருந்து அவனை நீக்குங்கள், அடுத்து கார்டைப் பூட்டுங்கள், அதற்கப்புறம் சிம்மை முடக்கச் சொல்லுங்கள். சிம் எப்படியும் உங்கள் பெயரில்தானே இருக்கும், அவனைக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டாம்.