டெபாசிட் வட்டி கேள்வி பதில்: 7.2 பெருசா 7.3 பெருசா?

கொழிஞ்சாம்பாறை: அண்ணா, பேங்குல 7.2%, மூணு மாசத்துக்கு ஒருதடவை வட்டியை அசலோட கூட்டுறாங்க. சொசைட்டில 7.3%, வருஷத்துக்கு ஒருதடவை. ஒரு லட்சம் இருக்கு, எதுல போடலாம்?

7.2-ஐ நாலா வகுத்தா 1.8, அதான் மூணு மாச வட்டி. லட்சம் ரூபா மொத மூணு மாசத்துல 1,01,800 ஆகும், அடுத்த மூணு மாசத்துக்கு அந்த 1,800-க்கும் சேர்த்து வட்டி ஓடுறதால 1,03,632, அப்புறம் 1,05,498, வருஷக் கடைசில 1,07,397. சொசைட்டில 1,07,300-தான். அப்ப பேங்கோட எஃபெக்டிவ் யீல்டு, அதாவது ஒரு வருஷத்துல நெசமா சேர்ற வட்டி, 7.40, சொசைட்டியோடது 7.30, போர்டுல கம்மியா தெரியற ரேட்டுதான் 97 ரூபா கூட தருது. ஷீட்ல போடறதுன்னா இது போதும்:

```
=EFFECT(0.072,4)
```

கடைசி நம்பர் வருஷத்துக்கு எத்தனை தடவை கூட்டுறாங்கங்கறது. ஒண்ணு மட்டும், 97 ரூபாய்க்காக மட்டும் முடிவெடுக்காதீங்க. பேங்குல 5 லட்சம் வரைக்கும் டெபாசிட் இன்சூரன்ஸ் இருக்கு, பிரைமரி சொசைட்டிகளுக்கு அந்த இன்சூரன்ஸ் கிடையாது.

வேலந்தாவளம்: அப்ப தினமும் கூட்டுற இடமா பாத்து போட்டா நல்லா ஏறுமுல்ல?

ஏறும், ஆனா நீங்க நெனைக்கிற அளவுக்கு இல்ல. அதே 7.2 மாசாமாசம் கூட்டினா 7.44, தினமும் கூட்டினாலும் 7.46-தான். வருஷத்துக்கு ஒண்ணுல இருந்து நாலுக்கு போறப்போதான் பெரிய தாவல், அதுக்கப்புறம் பைசா கணக்கு.

கோபாலபுரம்: அம்மாவுக்கு மாசாமாசம் வட்டி வேணும். லட்சத்துக்கு 600 வரணும், பேங்குல 596-தான் போடறாங்க. ஏமாத்தறாங்களா?

இல்லைங்க, சரியாத்தான் போடறாங்க. 1,800 உங்களுக்கு மூணாவது மாசக் கடைசிலதான் சேரணும், அதை முன்னாடியே மாசாமாசம் கேக்கறீங்க, அதுக்காக கொஞ்சம் கழிச்சு குடுக்கறாங்க. 596-ஐ எடுக்காம அதே ரேட்டுல விட்டுவச்சா மூணு மாசத்துல அந்த 1,800 வந்துரும். அம்மா செலவுக்கு எடுக்கறாங்கன்னா 7.40-ஐ மறந்துருங்க, வட்டி உள்ளயே இருந்தாத்தான் அந்த கணக்கு.

சித்தூர்: 7.2 குவார்ட்டர்லி நல்லதா, 7.3 வருஷ வட்டி நல்லதா?

மொத பதிலை படிங்க.

மீனாட்சிபுரம்: குறிச் சீட்டு சேர்ந்திருக்கேன், அதுக்கு யீல்டு எவ்வளவு?

குறில எப்ப, எவ்வளவு தள்ளுபடிக்கு சீட்டை எடுக்கறீங்கங்கறதை பொறுத்து மாறும், இந்த சூத்திரம் அதுக்கு பொருந்தாது.

பொள்ளாச்சி: எங்க ஊருல ஒரு நோட்டீஸ், 5 வருஷத்துக்கு யீல்டு 8.30%. கீழ பொடி எழுத்துல 7%, குவார்ட்டர்லின்னு இருக்கு. 7% எப்படி 8.30 ஆகும்?

இதைத்தான் எல்லாரும் பாக்கணும். லட்சம் 5 வருஷத்துல 1,41,478 ஆகுது. லாபம் 41,478, அதை அஞ்சால வகுத்து 8.30-ன்னு போட்டுட்டாங்க. வட்டிக்கு வட்டி சேர்ந்த தொகையை வெறும் வருஷக் கணக்கால வகுத்தா கால நீளத்துக்கு தக்கன நம்பர் ஊதும். அதோட நெசமான எஃபெக்டிவ் யீல்டு 7.19.

பொள்ளாச்சி: பொய்னு எப்படி சொல்றீங்க? 41,478 கைக்கு வருதுல்ல, அஞ்சால வகுத்தா 8.30 தானே?

காசு வரும், அதுல பொய் இல்ல. ஆனா அந்த நம்பரை வச்சு இன்னொரு டெபாசிட்டோட ஒப்பிட முடியாது. அதே 7 பர்சென்ட்டை 10 வருஷம் போட்டா இதே வகுத்தல்ல 10 பர்சென்ட் தாண்டிரும், டெபாசிட் மாறலை, வட்டி மாறலை. பக்கத்துல ஒருத்தர் வருஷ வட்டி 7.5-ன்னு நேர்மையா எழுதி வச்சிருந்தா உங்க கண்ணுக்கு 8.30-தான் பெருசா தெரியும். ஆனா 5 வருஷத்துல அந்த 7.5 குடுக்கறது 1,43,563. உங்க 8.30-ஐ விட 2,085 ரூபா அதிகம்.

பொள்ளாச்சி: அது ஒத்துக்கறேன், ஆனாலும் நோட்டீஸ்ல தப்பு இல்லைங்கறதுதான் என் கட்சி.

உங்க கட்சி உங்களோட. நான் சொல்றது, ரசீது போடறப்போ மெச்சூரிட்டி தொகை எவ்வளவுன்னு பாருங்க, ரெண்டு இடத்துலயும் ஒரே தொகை, ஒரே காலத்துக்கு கேட்டு வாங்கி பக்கத்துல பக்கத்துல வைங்க.

வேலந்தாவளம்: 4 மாசத்துக்கு போட்டா? அப்பவும் நாலா வகுக்கணுமா?

வேண்டாம். ஆறு மாசத்துக்கு கீழ இருக்கற டெபாசிட்டுக்கு பல பேங்குல தனி வட்டிதான், கூட்டு வட்டி கிடையாது. நாள் கணக்கு போட்டுக்கோங்க.

கொழிஞ்சாம்பாறை: அண்ணா, 7.25 அரையாண்டு கூட்டினா?

7.38. பேங்கோட 7.40-க்கு 0.02 கீழ, லட்சத்துக்கு 15 ரூபா. அந்த 15 ரூபாய்க்கு அலையாதீங்க, நடுவுல எடுத்தா எவ்வளவு பிடிப்பாங்கன்னு ரெண்டு இடத்துலயும் கேளுங்க, அதுல போற காசு இதை விட ரொம்ப பெருசு.