மாதத் தவணை ஏறத்தாழ இரட்டிப்பாக வருவது ஏன்?

"கடன் 1,00,000, ஆண்டு வட்டி 12%, 12 மாதம். சூத்திரத்தில் போட்டால் தவணை 16,144 வருகிறது. எங்கே தப்பு?"

r-க்கு மாத வட்டியான 0.01 போடுங்கள், தவணை 8,884.88 வரும். n-ஐ மாதத்தில் எடுத்துவிட்டு, r-க்கு ஆண்டு வட்டி 0.12-ஐப் போட்டிருக்கிறீர்கள், 16,144 அப்படித்தான் வரும்.

```
E = P*r / (1 - (1+r)^-n)
B = P*(1+r)^k - E*((1+r)^k - 1)/r
```

இதில் P கடன் தொகை, n மொத்தத் தவணைகள், E மாதத் தவணை, B என்பது k தவணைகள் கட்டிய பின் உள்ள மீதிக் கடன். சரிபார்க்க, B-யில் k = 12 போடுங்கள்; மீதி சுழியம் வர வேண்டும்.

அப்புறம் k = 6 போட்டால் 51,492 வரும். பாதிக் காலம் முடிந்தும் பாதிக் கடன் தீரவில்லையே என்று குழம்ப வேண்டாம். முதல் தவணையில் 1,000 வட்டிக்கே போய், 7,884.88 மட்டுமே அசலில் கழிகிறது. வட்டி குறையக் குறைய அசலுக்குப் போகும் பங்கு கூடும்.

தவணையை 8,885 என்று முழுமையாக்கினால் கடைசித் தவணை ஒன்றரை ரூபாய் குறையும். வட்டியை நாள் கணக்கில் போடும் கடனுக்கு இந்த விடை துல்லியமாகப் பொருந்தாது.