ட்ரூரோ கட்டுரையை ஒரு வாரத்துக்குப் பிரிப்பது எப்படி?

"டர்பனில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். நவம்பர் 16-க்காக, 1860-இல் அந்த நாளில் இந்திய ஒப்பந்தத் தொழிலாளிகளோடு டர்பனுக்கு வந்த ட்ரூரோ கப்பலைப் பற்றி இரண்டாயிரம் சொல்லில் ஒரு கட்டுரை எழுதி, ஏழு துண்டாக வெட்டி, ஃபேஸ்புக்கில் தினம் ஒன்றாகப் போட்டேன். முதல் நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாளிலிருந்து 'யாரைச் சொல்றீங்க, ஒண்ணும் புரியலையே' என்கிறார்கள். அடுத்த முறை எப்படி வெட்டுவது, ஐயா?"
— ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

நீங்கள் அனுப்பிய மூன்றாம் நாள் பதிவையே எடுத்துக்கொள்வோம். அது இப்படித் தொடங்குகிறது:

"அங்கே இறங்கியதும் கரும்புத் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங்தான் கூலி. அதிலும் வராத நாளுக்குப் பிடித்தம் உண்டு."

கட்டுரைக்குள் இது நல்ல பத்தி. யார், எங்கே என்பதை முந்தைய பத்தியே சொல்லிவிட்டது. தமிழில் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும் என்பதால் 'அனுப்பப்பட்டார்கள்' என்றால் போதும், எழுவாயைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதில்லை. எழுதினால் படிக்க அலுப்பாகவும் இருக்கும். ஆனால் வெட்டும்போது அந்த எழுவாய் முதல் நாள் பதிவிலேயே தங்கிவிடுகிறது. வாக்கியத்தில் ஓட்டை எதுவும் தெரியாது, இலக்கணமும் சரியாகவே இருக்கும். அதனால்தான் எழுதியவர் கண்ணுக்கு இந்தக் குறை படுவதே இல்லை. கட்டுரை முழுவதும் உங்கள் மனதில் இருக்கிறது. படிப்பவரிடம் இருப்பது இந்த மூன்று வாக்கியம் மட்டும்.

அவர் முதல் இரண்டு பதிவுகளைப் பார்த்திருப்பார் என்றும் நம்ப முடியாது. ஃபேஸ்புக் நாள் வரிசைப்படி காட்டுவதில்லை. திங்கட்கிழமைப் பதிவு ஒருவருக்குப் புதன்கிழமை வரும், இன்னொருவருக்கு வரவே வராது. ஆகவே 'நேற்று சொன்னபடி', 'பகுதி 3', 'மீதி நாளை' மூன்றையும் விட்டுவிடுங்கள். 'பகுதி 3' என்று பார்த்ததும், முதல் இரண்டைப் படிக்காதவர் தனக்கு இல்லை என்று நகர்ந்துவிடுவார்.

சரி, எப்படி வெட்டுவது? பத்தியை வெட்டாதீர்கள், செய்தியைப் பிரித்தெடுங்கள். கட்டுரையைத் தாளில் அச்செடுத்து, ஒவ்வொரு பத்திக்குப் பக்கத்திலும் அது என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியத்தில் பென்சிலால் எழுதுங்கள். உங்கள் கட்டுரைக்கு நானே இதைச் செய்து பார்த்தேன். மொத்தம் 14 பத்தி. மூன்று பத்திகள் முன்னதையும் பின்னதையும் இணைப்பதற்காக மட்டுமே இருக்கின்றன. ஐந்து பத்திகள் வேறு பத்தி சொன்னதையே விரிக்கின்றன. கடைசியில் தேறியது ஆறு: ட்ரூரோ சென்னையிலிருந்து வந்து 1860 நவம்பர் 16 அன்று டர்பனைச் சேர்ந்தது, முதல் ஆண்டுக் கூலி, கப்பல் பட்டியலில் ஒவ்வொருவரின் பெயரோடு தகப்பன் பெயரும் ஊரும் பதிவானது, கல்கத்தாவிலிருந்து பெல்விடேர் கப்பல் அதே மாதத்தில் வந்தது, ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள் மீது பின்னாளில் போட்ட 3 பவுன் வரி, 1911-இல் ஆள் சேர்ப்பு நின்றபோது வந்தவர்கள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள் என்பது.

ஆறுதானே இருக்கிறது என்று ஏழாவதை இழுத்து நிரப்ப வேண்டாம். நீங்கள் ஆறாம் நாள் போட்டது இணைப்புப் பத்திதான், அதில் செய்தியே இல்லை. அந்த நாளுக்கு ஒரு பழைய படமும் அது எங்கே, எப்போது எடுத்தது என்று இரண்டு வரியும் போதும்.

இனி ஒவ்வொன்றையும் புதிதாக எழுதுங்கள், கட்டுரையிலிருந்து வெட்டி ஒட்டாதீர்கள். கூலிப் பதிவை நான் இப்படி எழுதுவேன்:

"ட்ரூரோ கப்பலில் 1860-இல் டர்பனுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு முதல் ஆண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். அதோடு உணவுப் படியும் உண்டு. வேலைக்கு வராத நாளுக்கு முதலாளி கூலியில் பிடித்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்தக் கூலிக் கதையைச் சொல்லிக் கேட்டதுண்டா?"

கப்பல், ஆண்டு, ஊர், ஆள் நான்கும் முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டன. ஃபேஸ்புக் நீளமான பதிவில் முதல் சில வரிகளைத்தான் காட்டும், மீதியைப் பார்க்கத் தட்ட வேண்டும். நம் ஊரில் தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்கிறவர்கள் நிறைய. அவர்களுக்கு முதல் வாக்கியமே முழுச் செய்தியாக இருந்தால்தான் அடுத்ததற்குப் போவார்கள். கட்டுரையின் சுட்டியைக் கடைசி வரியில் வையுங்கள். ஆனால் டேட்டாவை அளந்து செலவழிப்பவர் அதைத் தட்டாமலே போனாலும் அவருக்கு எதுவும் குறைந்திருக்கக் கூடாது.

என் வரைவில் கரும்புத் தோட்டம் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். 'தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள்' என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் 'ரயில்வேயிலும் வீட்டு வேலையிலும் இருந்தவர்கள் உண்டு' என்று திருத்துகிறீர்கள். அந்த இரண்டாவது பத்தி வேறு நாளுக்குப் போனதும் முதல் பதிவு தவறாகிவிட்டது. இரண்டாம் நாள் பதிவுக்கும் இதே கதிதான். கப்பலில் வந்த தமிழர்களைப் பற்றிய பத்தி தனியாக நின்றது, தெலுங்கு பேசியவர்களும் வந்தார்கள் என்ற வரி கட்டுரையிலேயே தங்கிவிட்டது. டர்பனில் அதைப் படிக்கும் தெலுங்குக் குடும்பத்துக்கு எப்படி இருந்திருக்கும்? 'ஆனால்', 'எனினும்', 'சிலர்' என்று தொடங்கும் வாக்கியங்களைக் கட்டுரையில் அடிக்கோடிடுங்கள். எந்தச் செய்தியை அது திருத்துகிறதோ, அதே பதிவுக்குள் அதுவும் வந்தாக வேண்டும். இடம் போதாவிட்டால் அந்தச் செய்தியைப் பதிவாக்க வேண்டாம்.

எக்ஸில் போடுவதாக இருந்தால் இடம் இன்னும் குறைவு. அங்கே 280 என்பது நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் கணக்கு இல்லை. புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'வந்தார்கள்' நமக்கு ஆறு எழுத்து, எக்ஸுக்குப் பத்து. ஏறக்குறைய முப்பது சொல்லில் இடம் தீர்ந்துவிடும். மேலே உள்ள கூலிப் பதிவு நான்கு வாக்கியமும் அதில் ஒருவாறு அடங்கிவிடும்.

போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கட்டுரையைப் படிக்காத ஒருவரிடம், வகுப்புக்கு வரும் ஒரு பாட்டியிடமோ மாணவனின் அண்ணனிடமோ, அந்த ஒரு பதிவை மட்டும் போனில் காட்டுங்கள். நீங்கள் எதையும் விளக்க வேண்டாம். 'யாரு? எந்தக் கப்பல்?' என்று கேட்டால் பெயரோ ஆண்டோ விட்டுப்போயிருக்கிறது, திரும்ப எழுதுங்கள். 'அப்படியா, எத்தனை வருஷம் அந்தக் கூலி?' என்று கேட்டால் பதிவு தனியாக நிற்கிறது. அவருக்கு மேலே தெரிந்துகொள்ள ஆசை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் நாள் ஒதுக்குவது. தனித்து நிற்கும் பதிவுகளை எந்த வரிசையிலும் போடலாம். கப்பல் வந்து சேர்ந்த செய்தியை மட்டும் 16-ஆம் தேதிக்கு வையுங்கள், வாரத்தை 10-ஆம் தேதி தொடங்குங்கள். அந்தப் பதிவிலும் 'இன்று' என்று எழுதாமல் 'நவம்பர் 16' என்றே எழுதுங்கள். யாராவது 20-ஆம் தேதி அதைப் பகிர்ந்தாலும் தேதி மாறிப் போகாது.