பெட்டகத்தில் இருக்க வேண்டிய ஒன்பது லட்சம்

கேள்வி: பரந்தனில் நான்கு கவுண்டர்களுடன் பலசரக்கும் கட்டடப் பொருட்களும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். நாளொன்றுக்கு மூன்று லட்சம் ரூபாய் வரை விற்பனை நடக்கிறது. ஆனாலும் மொத்த வியாபாரிகளுக்குக் கொடுத்த காசோலைகள் இரண்டு திரும்பிவிட்டன. வங்கி 14 வீத வட்டியில் பத்து லட்சம் மேலதிகப் பற்றுத் தரச் சம்மதிக்கிறது. கமராவுடன் கூடிய புதிய பில் இயந்திரத்தை லீசிங்கில் எடுக்கச் சொல்லி ஒரு கம்பனியும் வருகிறது. காசு முழுவதையும் மனைவியின் தம்பி பார்த்துக்கொள்கிறார், நம்பிக்கையானவர். கடனை எடுக்கலாமா? வைப்புச் சீட்டுகளின் பிரதிகளை இணைத்துள்ளேன்.

பதில்: கடனைப் பற்றிப் பிறகு பேசுவோம். நீங்கள் அனுப்பிய சீட்டுகளில் தொகைகளை விட்டுத் திகதிகளைப் பாருங்கள். மாதத்தின் முதல் வாரத்தில் திங்கட்கிழமை விற்பனை புதன்கிழமை வங்கிக்குப் போயிருக்கிறது. இரண்டாம் வாரத்தில் அது வியாழனாகவும், மூன்றாம் வாரத்தில் வெள்ளியாகவும் தள்ளிப்போயிருக்கிறது. அந்த வெள்ளி காலை திங்கள் காசைக் கட்டிய பிறகு, செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாள் விற்பனை, அதாவது ஏறக்குறைய ஒன்பது லட்சம், உங்கள் பெட்டகத்தில் இருந்திருக்க வேண்டும். நீங்கள் கேட்கும் கடன் பத்து லட்சம். பெட்டகத்தைத் திறந்து எண்ணியவர் உங்கள் மைத்துனரைத் தவிர வேறு யாராவது உண்டா?

ஒவ்வொரு நாளின் வைப்பும் அந்த நாளின் விற்பனையோடு ரூபாய் பிசகாமல் பொருந்துவதால்தான் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால் திங்கள் காசில் 40,000 ரூபாயை ஒருவர் எடுத்துக்கொண்டாலும், செவ்வாய்க் காசிலிருந்து 40,000 போட்டுத் திங்கள் தொகையைச் சரியாகக் கட்டிவிடலாம். செவ்வாயில் விழுந்த பள்ளத்தைப் புதன் காசால் நிரப்பலாம். தொகை என்றும் பொருந்தும், நாள் மட்டும் பிந்திக்கொண்டே போகும். காலபோக அறுவடை முடிந்து விவசாயிகள் கடன் கொப்பியைத் தீர்க்கும் மாதங்களில் அந்தக் காசையும் அவரே வாங்குவதால், இந்தப் பிந்தல் சில வாரங்களுக்கு மறைந்தும் போயிருக்கலாம்.

அவர் எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. வங்கிக்குப் போகச் சோம்பல்பட்டுப் பெட்டகத்திலேயே வைத்திருந்தாலும் சீட்டு இப்படித்தான் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு தடயம் உண்டு. கவுண்டர் மூடும் தாளில் 5,000 ரூபாய்த் தாள்கள் 32 என்று எழுதியிருக்க, அதே நாளுக்கான வைப்புச் சீட்டில் 41 என்று இருந்தால், வேறொரு நாளின் காசு கலந்திருக்கிறது. சில்லறை மாற்றுவதாலும் ஓரிரு தாள்கள் மாறும் என்பதால் ஒரு நாளை வைத்து முடிவு செய்யாமல், இரண்டு வாரத் தாள்களை அருகருகே வைத்துப் பாருங்கள்.

அதற்கு முன், முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் கடை மூடும் நேரத்தில் நான்கு லாச்சிகளையும் பெட்டகத்தையும் ஒரே வேளையில் பூட்டி எண்ணுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக எண்ணினால், எண்ணி முடித்த லாச்சியின் காசு அடுத்ததற்கு நடந்து போய்விடும். எண்ணும்போது மைத்துனரும் அருகில் இருந்து தாளில் கையெழுத்திட வேண்டும். குறைந்தால் உங்களுக்கும், குறையாவிட்டால் அவருக்கும் அது பாதுகாப்பு.

காசைச் சேகரிப்பவர், வங்கியில் கட்டுபவர், பேரேட்டில் பதிபவர், வங்கிக் கூற்றோடு ஒப்பிடுபவர், பில்லை ரத்துச் செய்ய அனுமதிப்பவர் என ஐந்து வேலையும் உங்கள் கடையில் ஒரே ஆளிடம் இருக்கின்றன. ஐந்து பேரை வைக்க உங்களால் முடியாது, தேவையுமில்லை. கவுண்டர் பிள்ளை இன்னொருவர் முன்னிலையில் எண்ணி, தாளோடு பையை முத்திரையிடட்டும். மைத்துனர் அதை அடுத்த வங்கி நாளில் கட்டட்டும். உங்கள் மனைவி வைப்புச் சீட்டைப் பாராமல் கவுண்டர் தாளிலிருந்து பேரேட்டை எழுதட்டும். வங்கிக் கூற்றும் குறுஞ்செய்தியும் உங்கள் கைபேசிக்கே வர வேண்டும். ரத்துச் செய்யும் கடவுச்சொல்லை இன்றே மாற்றி நீங்களே வைத்திருங்கள். இருவர் சேர்ந்து ஏமாற்றினால் இந்த ஏற்பாடும் தோற்கும். ஆகவே எண்ணும்போது உடனிருக்கும் ஆளை அடிக்கடி மாற்றுங்கள்.

லீசிங் இயந்திரம் இப்போது வேண்டாம். பில்லில் பதிந்த காசு கவுண்டரைத் தாண்டிய பிறகு என்ன ஆகிறது என்பதுதான் உங்கள் சிக்கல். அதை எந்தக் கமராவும் எண்ணித் தராது. கடனைப் பொறுத்தவரை, எண்ணும்போது காசு முழுவதும் இருந்தால் மறுநாளே கட்டிவிடுங்கள், பத்து லட்சத்துக்கான ஆண்டு வட்டி 1,40,000 ரூபாய் மிச்சமாகும். இல்லாவிட்டால், எவ்வளவு குறைகிறது என்ற தாளோடு திரும்ப எழுதுங்கள். அதுவரை வங்கியில் கையெழுத்திட வேண்டாம்.