19 வருடக் கிராஜுவிட்டியை விட்டுவிட்டு வேலை மாறலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 44. கோத்தகிரி பக்கம், விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி டீ தயாரிக்கும் ஒரு பாட் லீஃப் பேக்டரியில் 19 வருடமாக வேலை, இப்போது டீ மேக்கர். சம்பளம் 38,000, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 24,000. ஐந்து வருடம் முன்பு 33,000 வாங்கினேன். எனக்கு மேலே முதலாளி மட்டும்தான். குன்னூரில் ஆர்த்தடாக்ஸ் டீ தயாரிக்கும் பேக்டரியில் இதே சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். 60,000 ரூபாய் கட்டி டீ டேஸ்டிங் கோர்ஸ் படிக்கவும் யோசனை. மாறினால் கிராஜுவிட்டியும் பிஎஃப்பும் போய்விடுமே என்று பயம். பேசாமல் இருந்துவிடலாமா?

பதில்: நீங்கள் இருந்த இடத்திலேயே இருக்கவில்லை, கொஞ்சம் கீழே வந்திருக்கிறீர்கள். விலைவாசி வருடத்துக்கு 5 சதவீதம் ஏறியது என்று வைத்தால், அன்றைய 33,000க்குச் சமமாக இன்று சுமார் 42,000 வேண்டும். பேசாமல் இருப்பதற்கும் மாதம் 4,000 ரூபாய் விலை கொடுக்கிறீர்கள். அது உங்கள் வேலையின் குறையல்ல. அந்த பேக்டரியில் உங்களுக்கு மேலே ஏறப் படி இல்லை, அவ்வளவுதான்.

இனி அந்தப் பயத்தைப் பார்ப்போம். பிஎஃப்பைப் பற்றிக் கவலை வேண்டாம்: அதே யுஏஎன் எண்ணைப் புது இடத்தில் கொடுத்து, பழைய கணக்கை மாற்றிக்கொண்டால் தொகையும் பென்ஷனுக்கான சர்வீஸும் தொடரும். பணத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

கிராஜுவிட்டி, கடைசியாக வாங்கிய அடிப்படை, பஞ்சப்படியை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடங்களால் பெருக்குவது. 5 வருடம் தாண்டியவருக்கு ராஜினாமா செய்தாலும் உண்டு. இன்று விலகினால் உங்களுக்கு ஏறக்குறைய 2,63,000 வரவேண்டும்.

58 வயது வரை அங்கேயே இருந்து, அடிப்படைச் சம்பளம் வருடம் 4 சதவீதம் ஏறினால், 33 வருடத்துக்குச் சேர்த்து 7.9 லட்சம் கிடைக்கும். இன்று வாங்கும் 2.63 லட்சத்தைத் தொடாமல் 7 சதவீத வட்டியில் போட்டால் 14 வருடத்தில் 6.8 லட்சம் ஆகும். குன்னூரிலும் சம்பளம் அதே வேகத்தில் ஏறினால் அங்கே 14 வருடத்துக்கு சுமார் 3.4 லட்சம். மொத்தம் 10 லட்சத்துக்கு மேல். சம்பளம் ஏறும் வேகம் வட்டியைவிடக் குறைவாக இருக்கும்போது, கிராஜுவிட்டிக்காகக் காத்திருப்பதில் லாபம் இல்லை. ஆனால் கைக்கு வந்த பணத்தை வீட்டு வேலைக்கோ விசேஷத்துக்கோ எடுத்தால் இந்தக் கணக்கு அப்படியே கவிழும். பிபிஎஃப்பில் வருடத்துக்கு 1.5 லட்சம்தான் போட முடியும், அதனால் மார்ச்சில் ஒரு பாதி, ஏப்ரலில் மறுபாதி என்று போடுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் கேட்பதே இல்லை. உங்கள் முதலாளி கிராஜுவிட்டிக்கென்று எல்ஐசி குரூப் திட்டத்திலோ வேறெங்கோ பணம் ஒதுக்குகிறாரா? ஒதுக்கவில்லை என்றால், 14 வருடம் கழித்தும் அந்த பேக்டரி நல்லபடியாக ஓடுவதை நம்பித்தான் அந்த 7.9 லட்சம் இருக்கிறது. பச்சை இலை விலையும் ஏல விலையும் ஆடும் ஆட்டம் உங்களுக்குத் தெரியாததா!

கோர்ஸ் இப்போது வேண்டாம். இலையை மெஷினில் நறுக்கிச் சுருட்டும் சிடிசி முறையில் 19 வருடம் பழகிய கைக்கு ஆர்த்தடாக்ஸ் வேறு வேலை. இலையை இன்னும் நன்றாக வாட்ட வேண்டும், ரோலிங்கில் இலை உடையாமல் முறுக்க வேண்டும். அது பேக்டரித் தளத்தில்தான் வரும், குன்னூரில் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றுக்கொள்ளலாம். தினமும் கப் வரிசையை ருசி பார்க்க உங்களையும் கூப்பிடுவார்களா என்று கேளுங்கள். கூப்பிட்டால் 60,000 மிச்சம். நீங்கள் செய்த டீ குன்னூர் ஏலத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு சீசன் பார்த்தபிறகு, எது குறைகிறதோ அதற்குப் படியுங்கள்.

ஆகவே என் யோசனை, குன்னூர் போங்கள். அதே சம்பளம்தான், ஆனால் ஆர்த்தடாக்ஸ் தெரிந்த டீ மேக்கரை வேறு பேக்டரிகளும் தேடும். இரண்டு விஷயத்தை மட்டும் சேருவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். அடிப்படையும் பஞ்சப்படியும் 24,000க்குக் குறையக்கூடாது. மொத்தம் அதே 38,000 என்று சொல்லி அலவன்ஸைக் கூட்டிப் போட்டால் பிஎஃப்பும் கிராஜுவிட்டியும் சுருங்கிவிடும். அடுத்தது, இரவு ஷிஃப்ட் முடிந்து கோத்தகிரி திரும்ப வண்டியோ, தங்க குவார்ட்டர்ஸோ வேண்டும். இல்லையென்றால் பெட்ரோலுக்கே மாதம் சில ஆயிரம் போய், இப்போது வாங்குவதைவிடக் குறைவாகத்தான் நிற்கும்.

முதல் 5 வருடத்துக்குள் அங்கிருந்து விலகினால் அந்த இடத்துக் கிராஜுவிட்டி கிடைக்காது. நாலு வருடத்தில் விலகினாலும் நட்டம் அறுபதாயிரத்தை ஒட்டித்தான், ஆனால் தெரிந்தே போங்கள். முடிந்தால் டிசம்பரில் சேருங்கள். இலை வரத்து குறைவாக இருப்பதால் நிதானமாகப் பழகலாம், நீலகிரியின் பனிக்கால ஆர்த்தடாக்ஸ் டீயையும் முதல் சீசனிலேயே கையால் செய்து பார்த்துவிடலாம்.